விதானத்து வண்ணத்தைப் பிடித்து வைத்திருப்பது எது?

சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குள் நுழையும் பக்தர்களின் கண் நேரே சந்நிதிக்குப் போய்விடும். அண்ணாந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுப்பயணிகள்தாம். மண்டபத்து விதானத்தில் நவக்கிரகங்களைக் கொண்ட வண்ண வட்டம் ஒன்று விரிந்திருக்கிறது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில் விதானத்திலும் தெய்வ உருவங்களும் வட்டக் கோலமும் உண்டு. பளீரென்ற நீலம், ரத்தச் சிவப்பு, கிளிப் பச்சை. படம் எடுக்க அருமையான இடங்கள்.

அந்த நீலத்தையும் பச்சையையும் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ பார்க்க முடியாது. அங்குள்ள பழைய விதானங்களில் காவியும் மஞ்சளும் கருப்பும்தான் அதிகம், பச்சை மங்கியிருக்கும், நீலம் அபூர்வம். காலம் நிறத்தைத் தின்றுவிட்டது என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அது பாதிதான் சரி. அந்த நிறங்களில் பல ஆயிரம் ஆண்டு ஆனாலும் மாறாதவை. மாறியதும் உதிர்ந்ததும் அவற்றைக் கூரையோடு ஒட்டிவைத்த பொருள். விதான ஓவியத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை இரண்டு: நிறத்தூளைப் பிடித்திருப்பது எது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் தேக்காவின் விதானங்களையும் சோழநாட்டின் விதானங்களையும் ஒரே கண்ணால் படிக்கலாம்.

ஆண்ட்ரூ தேவாலயத்துச் சுவரிலிருந்து

விதான ஓவியத்துக்கு அடித்தளம் சுண்ணாம்புக் காரை. அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே நல்ல சாட்சி இருக்கிறது, ஆனால் அது கோயில் இல்லை. சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயம். 1856-இல் அடிக்கல் நாட்டி, 1862-இல் அர்ச்சித்தார்கள். வரைபடம் போட்டவர் ரொனால்ட் மக்ஃபர்சன். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவர்களை மேற்பார்த்த அதிகாரிகளில் ஒருவரான மெக்நேர், 1899-இல் வெளியிட்ட தம் நூலில் அந்தச் சுவர்ப் பூச்சைச் செய்த விதத்தை எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அவர்கள் சொன்ன பெயர் மெட்ராஸ் சுண்ணம்.

மணல் சேர்க்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதோடு முட்டையின் வெள்ளைக் கருவும் வெல்லமும் சேர்த்துப் பசையாக அடிப்பார்கள். தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீரால் அதைக் கரைப்பார்கள். பூசிக் காய்ந்த பிறகு பளிங்குக் கல்லாலோ உருண்டைக் கூழாங்கல்லாலோ தேய்ப்பார்கள், இடையிடையே மாக்கல் பொடி தூவுவார்கள். கடைசியில் சுவர் கண்ணாடிபோல மின்னும்.

இது கட்டடக் கொத்தனாரின் கைமுறைதான், ஓவியனுடையது அல்ல. ஆனாலும் ஓவியன் கேட்பது இதே தளத்தைத்தான். கேரளத்துச் சுவரோவிய மரபில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் காரையைக் குழைக்கிறார்கள், அதன்மேல் இளநீர் கலந்த சுண்ணாம்பை இருபத்தைந்து முப்பது கை மெல்லியதாகப் பூசி வெண்தளம் எடுக்கிறார்கள். சிங்கப்பூரில் மட்டைத் தண்ணீர், கேரளத்தில் இளநீர். இரண்டு இடத்திலும் தாவரச் சாறு சுண்ணாம்புக்குள் போகிறது. வெல்லத்தின் சர்க்கரை காரையை இளக்கமாக்கி, குறைந்த தண்ணீரிலேயே வேலை செய்ய விடுகிறது. கடுக்காயின் துவர்ப்பும் காரை சீராக இறுக உதவுகிறது. தண்ணீர் குறைந்தால் காயும்போது சுருக்கம் குறையும், சுருக்கம் குறைந்தால் வெடிப்பும் குறையும்.

சுவரில் வெடிப்பு விழுந்தால் அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். விதானத்தில் வெடித்தால் காரை தலையில் விழும். அதனால் விதானக் காரையை வைக்கும் முறையே வேறு. கருங்கல் பலகையின் அடிப்பக்கத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும், பிடிப்புக்கு இருக்கும் ஒரே வழி அது. கல்லை நன்றாக நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் உலர்ந்த கல் காரையின் ஈரத்தை உறிஞ்சி அதைப் பொடியாக்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காரை மெல்லியதாக இருக்க வேண்டும், அதன் எடைதான் அதற்கு எதிரி. புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் குடைவரையின் தாமரைப் பொய்கை விதானம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அங்கே மணல் கலந்த முதல் பூச்சு ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர், அதன்மேல் சுண்ணாம்பு மட்டும் அரை மில்லிமீட்டர். மொத்தமே இரண்டு மூன்று நாணயங்களை அடுக்கினால் வரும் கனம். மீனும் அன்னமும் எருமையும் தாமரை கொய்யும் ஆட்களும் ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருப்பது அந்தக் கனத்தில்.

ஈரத்தில் எழுதுவது

சுண்ணாம்பு இறுகும் விதத்தைப் பார்த்துவிட்டால் மீதி எளிது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டால் அதிலிருந்த கரியமில வாயு போய்விடும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அந்த நீற்றுச் சுண்ணாம்பைச் சுவரில் பூசியதும் அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மெல்லக் கல்லாக மாறுகிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது. காரை காயும்போது உள்ளிருக்கும் தண்ணீர், கரைந்த சுண்ணாம்பையும் சேர்த்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. அந்த நேரத்தில் மேலே நிறத்தூள் இருந்தால், புதிதாகப் படியும் கல் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பசை தேவையே இல்லை, நிறம் கல்லுக்குள் போய்விடுகிறது.

இதற்கு ஓவியனுக்குக் கிடைக்கும் காலம் குறைவு. காரை ஈரமாக இருக்கும் வரைதான், சில மணி நேரமோ அதிகம் போனால் இரண்டு மூன்று நாளோ. எழுதி முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் காரை பூச முடியும். அழித்து எழுத வழியில்லை. தவறினால் அந்தத் துண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். விதானத்தில் இன்னும் சங்கடம், தூரிகையில் தண்ணீர் அதிகம் இருந்தால் கை வழியே வடிந்து முகத்தில் சொட்டும். ரோமாபுரியின் சிஸ்டைன் ஆலய விதானத்தை 1508 முதல் 1512 வரை எழுதிய மைக்கேலாஞ்சலோ இதைப் பற்றிப் புலம்பிப் பாட்டே எழுதியிருக்கிறார். அவர் படுத்துக்கொண்டு எழுதினார் என்று படத்தில் காட்டுவதை நம்ப வேண்டாம், சாரத்தின்மேல் நின்று அண்ணாந்துதான் எழுதினார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட சுற்றுப்பாதையில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-இல் வெளியுலகுக்குச் சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. மேலே நாயக்கர் காலப் படங்கள் இருந்தன. அவை உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து வேறொரு முகம் தெரிந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ்.பரமசிவன் அந்த அடி ஓவியத்தின் துணுக்குகளைச் சோதித்தார். 1937-இல் வெளியான அவருடைய ஆய்வின் முடிவு, சோழர் அடுக்கில் பசை இல்லை, ஈரச் சுண்ணாம்பின் மேலேயே எழுதியிருக்கிறார்கள் என்பது. அந்தக் காலத்தில் இந்தியாவில் உண்மையான ஈரச்சுவர் ஓவியமே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஒரு துளி அமிலமும் ஒரு நுண்ணோக்கியும் அந்தப் பேச்சை மாற்றின.

அவர் பட்டியலிட்ட நிறங்கள் சொற்பம். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கருப்புக்குக் கரி, மஞ்சளுக்கு மஞ்சள் காவி மண், சிவப்புக்குச் செங்காவி, பச்சைக்கு இயற்கையான பச்சை மண், நீலத்துக்கு லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்த தூள். நீலம் மட்டும்தான் தூரத்துச் சரக்கு, ஆப்கானிஸ்தானத்துப் படக்ஷான் மலைகளிலிருந்து வருவது. மற்றவை அக்கம்பக்கத்து மண்ணும் அடுப்பும். சித்தன்னவாசலின் பட்டியலும் ஏறத்தாழ இதுவே.

இத்தனை பெரிய பேரரசின் ஓவியனுக்கு இத்தனை குறைந்த நிறங்கள்தானா? காரணம் ரசனையோ பொருள் தட்டுப்பாடோ அல்ல. ஆரத்தி கரைத்த எல்லாருக்கும் விடை தெரியும். மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் உடனே சிவக்கிறது. ஈரச் சுண்ணாம்பு கடுமையான காரம். மஞ்சள், பூ, இலை, பட்டை என்று தாவரத்திலிருந்து எடுக்கும் சாயங்களில் பெரும்பாலானவை அதில் நிறம் மாறும் அல்லது வெளுக்கும். ஈய வெள்ளையும் ஈயச் சிவப்பும் சுவரில் நாளடைவில் கறுத்துவிடும். இத்தாலியில் அசிசி ஆலயத்தில் சிமாபூவே எழுதிய முகங்கள் இன்று ஒளிப்பட நெகட்டிவ் போலக் கறுத்து நிற்பது அதனால்தான். காரத்தைத் தாங்குபவை மண்ணும் கல்லும் கரியும்தான். சோழ ஓவியன் காவியைத் தேர்ந்தெடுத்தான் என்பதைவிட, சுண்ணாம்பு மற்றவற்றைத் தள்ளிவிட்டது என்று சொல்வது பொருத்தம்.

அவன் அந்தக் குறைவை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பதுதான் வியப்பு. ஒரே செங்காவியைத் தண்ணீராகத் தொட்டால் உடல் நிறம், கெட்டியாகத் தொட்டால் உதடு, கரியோடு கலந்தால் கண் இமை. ஒவ்வொரு முகத்தையும் கடைசியில் ஒரே மூச்சில் இழுத்த கோடு பிடித்து நிறுத்துகிறது.

பிசினில் எழுதுவது

நாயக்கர் காலத்தில் முறை மாறியது. காரையைக் காயவிட்டு, அதன்மேல் பசை கலந்த நிறத்தால் எழுதினார்கள். இதில் அவசரம் இல்லை. பெரிய விதானம் முழுவதையும் வெள்ளையடித்து, கட்டம் பிரித்து, கதையை வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். காரத்தின் கெடுபிடி இல்லாததால் அவுரி நீலம், சாதிலிங்கச் சிவப்பு போன்றவற்றுக்கும் இடம் கிடைத்தது. புராணக் கதையைப் பத்தி பத்தியாகச் சொல்லும் விதானங்கள் தமிழ்நாட்டில் பெருகியது இந்த முறையால்தான் என்று நான் நினைக்கிறேன். ஈரத்தில் எழுதுகிறவனால் இத்தனை நீளமான கதை சொல்ல முடியாது.

பசை மரத்திலிருந்து வந்தது. நம் பக்கம் கருவேலம் பிசின், விளாம் பிசின், வேப்பம் பிசின் என்று எல்லாம் உண்டு. கேரள ஓவியர்கள் இன்றும் வேப்பம் பிசினை நாடுகிறார்கள். மரப்பட்டையில் கசிந்து உறைந்த கட்டிகளைத் தூசியும் பட்டைத் துணுக்கும் போகப் பொறுக்கி, தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டுவார்கள். தேன் போன்ற இந்தக் கரைசலை அப்படியே சேர்ப்பதில்லை. கல்லில் நீர்விட்டு நைஸாக அரைத்த நிறத்தூளோடு, மேலும் தண்ணீர் விட்டு இளக்கித்தான் கலப்பார்கள்.

கலவை சரியா என்று பார்ப்பதற்கு ஒரே வழி, தனியாகக் காரை பூசிய ஒரு துண்டில் ஒரு கோடு இழுத்து, முழுதாகக் காயவிட்டு, விரலால் தேய்ப்பது. விரலில் நிறம் வந்தால் பிசின் போதவில்லை. கோடு பளபளத்தாலோ நகம் பட்டதும் சிம்பு சிம்பாக எழுந்தாலோ பிசின் கூடிவிட்டது. கூடினால் இன்னும் மோசம். பிசின் காயும்போது சுருங்கும். சுருங்குகிற படலம் அடியிலுள்ள வெள்ளைப் பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, ஓரம் மடிந்து, செதிலாக நிற்கும். நிறத்துக்கு நிறம் அளவும் மாறும். கரித்தூள் மிக நுண்ணியது, அதிகப் பிசின் குடிக்கும். காவிக்குக் குறைவு போதும். பழைய விதானத்தில் கருப்புக் கோடு மட்டும் உதிர்ந்து, அதன் தடம் காவியின் நடுவே வெள்ளையாகத் தெரிகிற இடங்களில் இந்த அளவு தப்பியிருக்க வாய்ப்பு உண்டு.

எழுதும் வரிசையும் பிசினால் வந்த கட்டுப்பாடு. முதலில் மங்கிய காவியில் உருவரை. பின்னணிக்குச் செங்காவி. பிறகு உடல், ஆடை, மரம் என்று தட்டையான நிறங்கள். அதன்மேல் சாயல், அதன்மேல் நகையும் ஆடைப் பூவும், எல்லாம் முடிந்த பிறகு கருப்பிலோ அடர் சிவப்பிலோ கடைசிக் கோடு. பிசின் தண்ணீரில் மறுபடி கரையும் பொருள். மேல் அடுக்கை எழுதும்போது ஈரத் தூரிகை ஒரே இடத்தில் நின்றால் கீழ் அடுக்கு கரைந்து கலங்கிவிடும். அதனால் தொட்டதும் எடுக்க வேண்டும். நாயக்கர் காலக் கோடுகளில் தெரியும் அந்த விறுவிறுப்பைப் பாணி என்று புத்தகங்கள் சொல்கின்றன. அதில் ஒரு பங்காவது பிசினுக்குப் பயந்த வேகம்.

திருவாரூர்

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் 1827-இல் தோன்றியது. மரமும் அத்தாப்புமாக இருந்த அந்தக் கோயிலுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து மக்கள். நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் இருபத்தைந்து கிலோமீட்டர்தான். அவர்களில் பலர் கப்பல் ஏறுமுன் தியாகராஜர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் நின்றிருக்கக்கூடும்.

அந்த மண்டபத்து விதானம் முழுக்க முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை. குரங்காக இருந்தபோது வில்வ இலைகளைத் தெரியாமல் சிவன்மேல் உதிர்த்த புண்ணியத்தால் அரசனாகப் பிறக்கிறான், முகம் மட்டும் குரங்கு. இந்திரனுக்குப் போரில் உதவி, பரிசாகத் தியாகராஜ மூர்த்தியைக் கேட்கிறான். கொடுக்க மனமில்லாத இந்திரன் ஒரேபோல ஏழு மூர்த்திகளை முன்வைக்கிறான். முசுகுந்தன் சரியானதைக் கண்டுபிடிக்க, கடைசியில் ஏழும் பூமிக்கு வருகின்றன. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், தஞ்சையில் மராத்தியர் ஆண்டபோது, இதைப் பட்டை பட்டையாக எழுதினார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். எழுதிய ஓவியன் சிங்காதனம் என்று தன் பெயரையும் விட்டுச் சென்றிருக்கிறான், நம் ஓவியங்களில் அபூர்வமான விஷயம். தேவலோகம் என்று சொல்லிக்கொண்டு அவன் எழுதியிருப்பதெல்லாம் அப்போதைய திருவாரூர். வாணவேடிக்கை, தேவரடியார் ஆட்டம், பல்லக்கு, மேளக்காரர்கள்.

இது காய்ந்த காரைமேல் எழுதிய விதானம். அதன் சிக்கல்களும் அந்த முறைக்குரியவை. தண்ணீர் மேலிருந்து வருகிறது. மண்டபத்து மேல்தளத்தில் தட்டோடு விரிசல் விட்டால், மழைநீர் கற்பலகைகளின் இடுக்கு வழியாக இறங்குகிறது. வரும் வழியில் தளத்துச் சுண்ணாம்பிலும் செங்கலிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு காரையின் பின்பக்கத்துக்கு வந்து சேர்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிப் படிகமாக வளரும். படிகம் வளர இடம் வேண்டுமல்லவா, அது வண்ணப் படலத்தைத் தள்ளும். நிறம் கல்லுக்குள் இருந்தால் ஓரளவு தாங்கும். பிசினில் தொங்குகிற நிறம் அந்த ஈரத்திலேயே இளகியிருக்கும், லேசான தள்ளலில் பொடியாகக் கொட்டும். இத்தோடு வௌவால் எச்சம், எண்ணெய் விளக்கின் கரி, யாரோ நல்ல எண்ணத்தில் அடித்த வெள்ளை.

சென்னையின் பிரக்ருதி அறக்கட்டளையும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த விதானத்தைச் சீர்செய்தன. வி.கே. ராஜாமணி எடுத்த படங்களும் டேவிட் ஷுல்மனின் எழுத்தும் சேர்ந்து 2011-இல் நூலாகவும் வந்தன. இத்தகைய வேலையில் வல்லுநர்கள் ஓவியத்தைத் தொடுவதற்கு முன் கூரைக்குத்தான் போவார்கள். கசிவு நிற்காமல் கீழே எது செய்தாலும் ஒரு மழைக்காலம் தாங்காது. அடுத்து விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிப் பார்ப்பது. காரை கல்லோடு ஒட்டியிருந்தால் கெட்டிச் சத்தம், பிரிந்திருந்தால் பொள்ளல் சத்தம். பொள்ளலான இடங்களைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, சிறு துளை வழியாக ஊசியால் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்தி, அது இறுகும் வரை மெத்தென்ற பலகையால் அண்டை கொடுத்துத் தாங்குவார்கள். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் எழும்பி நிற்கும் செதில்கள் நிழலோடு தெரியும். அவற்றை மெல்லிய காகிதம் வைத்துப் பசையால் அமர்த்திய பிறகே சுத்தம் செய்யத் தொடங்குவார்கள். மேலே அடித்த வெள்ளையைச் சிறு கத்தியால் விரற்கடை விரற்கடையாக உரிக்க வேண்டும். இங்கே தண்ணீரால் துடைத்தால் எல்லாம் போச்சு, பிசின் கரைந்து முசுகுந்தனின் முகம் பஞ்சில் வந்துவிடும்.

அந்தப் பஞ்சே ஒரு சோதனைதான். மூலையில் யாரும் கவனிக்காத ஓரிடத்தில் ஈரப்பஞ்சை வைத்து எடுத்துப் பார்ப்பார்கள். நிறம் வராவிட்டால் சுண்ணாம்பு பிடித்திருக்கிறது, வந்தால் பிசின். தீர்ப்புக்கு இது மட்டும் போதாது, நுண்ணோக்கியின் கீழ் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும். காரைக்கும் நிறத்துக்கும் நடுவே எல்லைக்கோடு தெளிவாகத் தெரிந்தால் காய்ந்த பிறகு எழுதியது. நிறத்துகள்கள் காரைக்குள் அமிழ்ந்திருந்தால் ஈரத்தில் எழுதியது.

தஞ்சையில் இந்த இரண்டும் ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. சோழர் அடுக்கைப் பார்க்க நாயக்கர் அடுக்கை அழிக்க வேண்டுமா என்ற கேள்வி பல பத்தாண்டுகள் நின்றது. இந்தியத் தொல்லியல் துறை நாயக்கர் படங்களைத் தனியே உரித்தெடுக்கும் முறையைக் கையாண்டு, பதினாறு படங்களைப் பிரித்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்தியது. அப்படி உரிக்க முடிந்ததற்கே காரணம், மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு கல்லாகச் சேரவில்லை என்பதுதான். அறுநூறு ஆண்டு இடைவெளியில் வந்த ஓவியன் முந்தையவனின் படத்தின்மேல் காரை பூசினான். பூசியதாலேயே அது விளக்குப் புகையிலிருந்தும் கைகளிலிருந்தும் தப்பியது.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு வெள்ளை

சிங்கப்பூரில் இதெல்லாம் சாத்தியமா என்று கேட்பவர்கள் உண்டு. கலைப் பட்டறைகளுக்குப் போய் வந்தவர்கள், அடுத்த குடமுழுக்கில் நம் கோயில் விதானத்தையும் பிசின் நிறத்தில் எழுதலாமே என்கிறார்கள். ஆசை நல்லதுதான், ஆனால் கை வைக்கும் முன் கூரையைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மரப்பிசின் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அது சர்க்கரை வகைப் பொருள், பூஞ்சைக்கு நல்ல தீனி. குளிர்சாதனம் இல்லாத மண்டபத்தில் ஆண்டு திரும்புமுன் கரும்புள்ளிகள் வரும் என்று எதிர்பார்க்கலாம். சோழர் முறைப்படி ஈரச் சுண்ணாம்பில் எழுதினால் இந்தத் தொல்லை குறைவு, காரை மெதுவாகக் காய்வதால் ஓவியனுக்குக் கூடுதல் நேரமும் கிடைக்கும். ஆனால் இங்குள்ள விதானங்களில் பெரும்பாலானவை கருங்கல் அல்ல, கம்பி போட்ட கான்கிரீட். வழவழப்பான கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில் சுண்ணாம்புக்குப் பிடிப்பு கிடையாது. கொத்திப் பிடிப்பு உண்டாக்கப் போனால் கம்பிக்கு மேலிருக்கும் காப்பு மெலியும். சிமெண்டிலேயே கரையும் உப்புகளும் இருக்கின்றன. கசிவு வந்தால் கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளும். பழைய வீவக வீடுகளின் குளியலறைக் கூரையில் இதைப் பார்த்திராதவர் இங்கே குறைவு. கல்லில் சுண்ணாம்பு, கான்கிரீட்டில் அக்ரிலிக். இதில் நம் ஸ்தபதிகள் எடுத்திருக்கும் முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது.

அந்த அக்ரிலிக்கில்தான் தேக்கா விதானங்களின் பளபளப்பு இருக்கிறது. வெள்ளை இப்போது டைட்டானியம். பளீர் நீலமும் கிளிப் பச்சையும் 1930-களில் சந்தைக்கு வந்த தாலோசயனின் வகைச் செயற்கை நிறங்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரத்துக்கும் வெயிலுக்கும் அசையாதவை அவை. பிடித்திருக்கும் பசை ரப்பர் போன்ற பிளாஸ்டிக் படலம், மேலிருந்து வரும் ஈரத்தைச் சுலபமாக வெளியே விடாது. அதனால் கெடும் விதமும் வேறு. திருவாரூரில் பொடியாகக் கொட்டும். இங்கே கொப்புளமாக எழுந்து, தோலாக உரியும். அடுத்தமுறை அண்ணாந்து பார்க்கும்போது விளக்குக் கொக்கிகளைச் சுற்றியும் உத்தர ஓரங்களிலும் பாருங்கள், கசிவு முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு வரும், கொப்புளமும் போய்விடும். மாரியம்மன் கோயிலுக்கு 12 பிப்ரவரி 2023 அன்று நடந்தது. பெருமாள் கோயிலுக்கு 2018-இல். குடமுழுக்குக்கு முன் சாரம் கட்டித் தமிழ்நாட்டுக் கலைஞர்கள் ஏறுவார்கள், கோயில் புதிதாகும். வழிபாட்டில் இருக்கும் கோயிலைப் புதுப்பிக்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தமிழ்நாட்டு விதானங்கள் பலவற்றை மறைத்ததும் இதே புதுப்பித்தல்தான். திருப்பணியின்போது அடித்த வெள்ளைக்கும் மணல் வீச்சுக்கும் பலியானவற்றுக்குக் கணக்கில்லை.

மாரியம்மன் கோயில் 1973 முதல் தேசிய நினைவுச்சின்னம். அங்கே அடுத்த சுற்று 2035-ஐ ஒட்டி வரும். அதற்குள் செய்யக்கூடிய வேலை பெரிய செலவில்லாதது. சாரம் ஏறியதும், தூரிகை தொடும் முன், விதானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நிற அட்டையை ஓரத்தில் வைத்துப் படமெடுப்பது. ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் செதில்களில் கட்டத்துக்கு ஒன்றை எடுத்து உறையில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி வைப்பது. அந்தச் செதிலைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு குடமுழுக்கின் வண்ணமும் அடுக்கடுக்காகத் தெரியும், அடியில் எங்காவது சுண்ணாம்பும் காவியும் இருந்தால் அதுவும். கடைசியாக, பக்தர் கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத்தைப் புதுப் பூச்சு படாமல் விட்டுவிடுவது. சுவரோவியச் சீரமைப்பாளர்கள் எங்கும் செய்வதுதான் இது. பன்னிரண்டு ஆண்டு கழித்து வரும் ஸ்தபதி, முந்தைய நீலம் எது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.